சின்னப் பள்ளிக்கு நாலு ஹவுஸ்: யாருக்கும் உறுத்தாத பெயர் வைப்பது எப்படி?

விளையாட்டு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தலைமையாசிரியர் கூப்பிட்டு, "டீச்சர், நாலு ஹவுஸ் பிரிச்சு ஒரு பேரு வச்சிடுங்க" என்பார். பெயர் வைப்பது அரை மணி நேர வேலை மாதிரித் தெரியும். ஆனால் ஆறாம் வகுப்பில் வைத்த பெயரைப் பிள்ளை பள்ளி முடிக்கும் வரை சுமக்கப் போகிறது. ஆகவே கொஞ்சம் பொறுமையாகச் செய்வோம்.

உதாரணத்துக்கு, ஒன்று முதல் எட்டு வரை வகுப்புக்கு 15 பேராக மொத்தம் 120 பிள்ளைகள் படிக்கும் ஒரு தனியார் பள்ளியை எடுத்துக்கொள்வோம். (அரசுப் பள்ளி என்றால் மகிழ் முற்றம் திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. உங்களுக்கு நிறம், பிள்ளைகளைப் பிரிக்கும் முறை பற்றிய பகுதிகள் மட்டும் போதும்.)

படி 1: ஆட்களின் பெயரைத் தள்ளி வையுங்கள்

முதலில் வரும் யோசனை தலைவர்கள், இல்லையென்றால் சேர, சோழ, பாண்டிய, பல்லவர். நாலும் கணக்காக இருக்கிறது, கேட்கவும் கம்பீரமாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், நம் ஊரில் அநேகமாக ஒவ்வொரு அரச வம்சத்துக்கும் "எங்க ஆளு" என்று சொல்ல ஒன்றுக்கு மேற்பட்ட சாதிச் சங்கங்கள் உண்டு. தலைவர்களுக்கும் அதே கதைதான். 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் தொடங்கியதை ஒட்டித் தென் மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. கடைசியில் அரசு எல்லா மாவட்டங்களிலும் போக்குவரத்துக் கழகங்களிலும் இருந்த தலைவர்கள் பெயரை மொத்தமாக எடுத்துவிட்டது. பேருந்துக்கே அந்த நிலை. சாதி பார்த்துப் பெஞ்ச் மாறி உட்காரும் வகுப்பில் இன்னும் கவனம் வேண்டும்.

திணைப் பெயர்களை நாலாகக் குறைத்து வைக்க நினைத்தால், அவற்றைப் பூவாகவும் மரமாகவும் மட்டும் சொல்லுங்கள். குறவர், ஆயர், பரதவர் என்று நிலத்து மக்களையும் சேர்த்துச் சுவரில் எழுதினால், வெளியே நிறுத்திய சாதி கொல்லை வழியாக உள்ளே வந்துவிடும்.

படி 2: தோற்றுப் பாருங்கள்

அடுத்து நற்பண்புகள். உண்மை, அன்பு, அறிவு, வீரம். எனக்கும் முதலில் பிடிக்கும் பட்டியல்தான். இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி: மைக்கில் முடிவு அறிவிப்பது போல நாலு பெயரையும் கடைசி இடத்தில் வைத்துச் சத்தமாகப் படியுங்கள்.

"ரிலே போட்டியில் உண்மை கடைசி இடம்." "கபடியில் வீரம் முதல் சுற்றிலேயே வெளியேறியது." "வினாடி வினாவில் அறிவு பூஜ்ஜியம்."

சிரிப்பு வருகிறதல்லவா? வகுப்பிலும் வரும். போதாக்குறைக்கு, கணக்கில் திணறும் பிள்ளை அறிவு ஹவுஸில் விழுந்தால் வருஷம் முழுக்கக் கிண்டல்தான். அன்பு, அறிவு இரண்டும் பிள்ளைகளின் பெயராகவும் இருக்கும், அது தனித் தலைவலி. பண்புகள் வேண்டுமென்றால் பரிசுகளுக்கு வையுங்கள், எந்த ஹவுஸ் பிள்ளையும் வாங்கலாம்.

படி 3: விலங்குகளைத் தரம் பாருங்கள்

சிங்கம், புலி, யானை, மான் என்று வைத்துவிட்டு எந்த ஹவுஸ் வேண்டும் என்று கேட்டால், மானுக்கு யார் கை தூக்குவார்கள்? ஒன்று இன்னொன்றைத் தின்னும் பட்டியல் சமமான பட்டியல் இல்லை. யானை ஹவுஸில் பருமனான பிள்ளை, காகம் ஹவுஸில் கறுத்த பிள்ளை என்றால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிளிகூட வேண்டாம், எட்டாம் வகுப்புப் பையன்கள் அந்தச் சொல்லை வேறு அர்த்தத்தில் பயன்படுத்துவார்கள். தாமரை, உதயசூரியன், யானை மாதிரித் தேர்தல் சின்னமாக இருப்பதையும் அடித்துவிடுங்கள்.

படி 4: ஒரே தரத்தில் நாலு

எல்லாவற்றையும் கழித்த பிறகு எனக்குச் சரியாகப் படுவது ஊர்ப் பறவைகள். யாரும் ராஜா இல்லை, எதுவும் கட்சிக்கொடியில் இல்லை. நான் பரிந்துரைப்பது இவை:

மாங்குயில் – மஞ்சள்
மீன்கொத்தி – நீலம்
பஞ்சுருட்டான் – பச்சை
செம்போத்து – அரக்குச் சிவப்பு

நிறத்தை நாம் ஒட்ட வைக்கவில்லை, பறவையிலேயே இருக்கிறது. பஞ்சுருட்டான் கரண்டு கம்பியில் உட்கார்ந்து, பறக்கும் தேனீயைப் பிடித்து வந்து, கம்பியில் அடித்துத்தான் விழுங்கும். மீன்கொத்தி என்ற பெயர் இருந்தாலும், நெஞ்சு வெள்ளையாக இருக்கும் வகை குளமே இல்லாத தெருவிலும் பூச்சி, ஓணான் பிடித்துக்கொண்டு வாழும். செம்போத்து வேலியோரம் காக்கை அளவில் நடந்து திரியும், இறக்கை மட்டும் செங்கல் நிறம். எந்தப் பிள்ளைக்கும் தன் பறவையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஏதாவது ஒன்று கிடைக்கும்.

உங்கள் ஊரில் வேறு பறவை அதிகம் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் முதலெழுத்து நாலும் வேறாக இருக்கட்டும். இங்கே மா, மீ, ப, செ. மதிப்பெண் நோட்டில் கட்டம் சின்னது, அதில் முழுப் பெயரும் எழுத முடியாது. பஞ்சுருட்டானோடு பனங்காடையையும் சேர்த்தால் இரண்டும் "ப" ஆகி, யார் புள்ளி யாருக்குப் போனது என்று சண்டை வரும்.

படி 5: நிறத்தைக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள்

சில பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பையன்களுக்கு, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அவர்களில் சிலருக்கு இளம்பச்சையும் மஞ்சளும்கூடக் குழப்பும். பல பேருக்கு அந்தக் குறை இருப்பதே தெரிந்திருக்காது. துணி வாங்கும் முன் கடையிலேயே நாலு துண்டையும் அருகருகே வைத்துப் போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். மஞ்சள் வெளுப்பாகவும், பச்சை நடுத்தரமாகவும், சிவப்பு நல்ல கருமையாகவும் தெரிய வேண்டும். பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், சிவப்பை இன்னும் அடர்த்தியான அரக்குக்கு மாற்றுங்கள். நீலத்தை இவர்களால் பொதுவாகப் பிரித்துப் பார்க்க முடியும். இருந்தாலும் கொடியில் பறவைப் படம் பெரிதாக இருக்கட்டும்.

நிறத்தை டீ-ஷர்ட்டிலோ பேட்ஜிலோ கொடுங்கள். மணிக்கட்டுக் கயிறாக மட்டும் வேண்டவே வேண்டாம். தென் மாவட்டங்களில் கயிற்றின் நிறம் சாதி அடையாளம். நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கை, பள்ளியில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. பள்ளியே விலை கொடுத்து வாங்கிக் கட்டிவிடக் கூடாது.

படி 6: முதலில் பிள்ளைகள், அப்புறம் பெயர்

பெயரை அறிவித்துவிட்டுப் பிள்ளைகளைப் பிரித்தால் சிபாரிசு வரும். அதனால் முதலில் 1, 2, 3, 4 என்று எண் மட்டும் கொடுங்கள். வகுப்பு வாரியாக, ஆண் பெண் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்குங்கள். அகர வரிசைப்படி பிரிக்காதீர்கள், ஒரே பெயர்க்காரர்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள்.

15 பேரை நாலாகப் பிரித்தால் 4, 4, 4, 3 என்று வரும். மூன்று விழும் ஹவுஸை வகுப்புக்கு வகுப்பு மாற்றிக்கொண்டே போங்கள். எட்டு வகுப்பிலும் சேர்த்து ஒவ்வொரு ஹவுஸும் இரண்டு தடவை மூன்று வாங்கும், ஆளுக்கு 30 சரியாக வந்துவிடும். அண்ணன் தங்கைகளை ஒரே ஹவுஸில் வைப்பதாக இருந்தால் குலுக்கலுக்கு முன்பே அவர்களைப் போட்டுவிட்டு மீதியை நிரப்புங்கள். இல்லையென்றால் ஒரே வீட்டுக்கு இரண்டு நிற டீ-ஷர்ட் வாங்க வேண்டும், தங்கைக்கு அண்ணனுடையது பயன்படாது.

பட்டியல் முடிந்த பிறகு, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை வைத்து நாலு சீட்டை எடுக்கச் சொல்லுங்கள். முதல் சீட்டு எண் 1க்கு, இரண்டாவது 2க்கு. எடுத்ததை அந்த இடத்திலேயே கரும்பலகையில் எழுதிப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சேரும் பிள்ளைகளை அந்த வகுப்பில் ஆள் குறைந்த ஹவுஸில் போட்டுக்கொண்டே போனால் போதும்.