மூளை காபனீரொட்சைட்டை எப்படி உணர்கிறது? ஒரு வெள்ளைத்தாளில் வரைந்து பார்ப்போம்

உடற்றொழிலியல் வாய்மொழிச் சோதனையில் ஒருமுறை என்னிடம் கேட்டார்கள்: "குருதியில் அமிலம் கூடினால் மூளையில் உள்ள மைய வாங்கிகள் உடனே தூண்டப்படுமா?" நான் கொஞ்சமும் யோசிக்காமல் "ஓம்" என்றேன். அது பிழை. அந்தப் பிழை எங்கே வந்தது என்று விளங்கிய பிறகுதான் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வந்தது.

அசையும் படங்கள் இதற்கு உதவாது, பார்க்கும்போது விளங்கியதுபோல இருக்கும், அவ்வளவுதான். ஒரு வெள்ளைத்தாளும் சிவப்பு, நீலப் பேனைகளும் போதும்.

படி 1: தடுப்பை வரையுங்கள்

இடப்பக்கம் சிவப்பில் குருதி, வலப்பக்கம் நீலத்தில் மூளைய முண்ணாண் பாய்பொருள், நடுவில் குருதி–மூளைத் தடுப்பு. ஐதரசன் அயனும் இருகாபனேற்று அயனும் ஏற்றமுள்ளவை, ஆகவே தடுப்பை இலகுவில் கடக்கா. காபனீரொட்சைட்டுக்கு ஏற்றம் இல்லை, அது தாராளமாகக் கடந்துவிடும்.

படி 2: நீலப் பக்கத்தில் அமிலம் பிறக்கிறது

நான் விழுந்த குழி இதுதான். கடந்து வந்த காபனீரொட்சைட்டு நீரோடு சேர்ந்து காபோனிக் அமிலமாகி, அங்கேயே புதிதாக ஐதரசன் அயனைத் தருகிறது. மைய வாங்கிகள் முக்கியமாக உணர்வது இந்த அயனைத்தான். குருதியில் இருக்கும் அமிலத்துக்குக் கதவு பூட்டு, காபனீரொட்சைட்டு மட்டும் உள்ளே போய் அமிலமாக மாறிக்கொள்கிறது.

எண்ணிலும் பார்ப்போம். நாடிக்குருதியில் காபனீரொட்சைட்டின் பகுதியமுக்கம் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் இரசம். பாய்பொருளில் அது கொஞ்சம் கூட, 48 என்று வைப்போம். இருகாபனேற்று லீற்றருக்கு 24 மில்லிமோலில் அப்படியே நிற்கிறது.

```
pH = 6.1 + log(24 / (0.03 × 48)) = 7.32
pH = 6.1 + log(24 / (0.03 × 53)) = 7.28
```

அமுக்கம் 5 ஏறியதற்கு pH வெறும் 0.04 இறங்கியது. ஆனால் குருதியில் 1 மில்லிமீற்றர் ஏறினால் காற்றோட்டம் நிமிடத்துக்கு 2–3 லீற்றர் கூடும். ஓய்வில் சுமார் 6 லீற்றர் இழுப்பவர், 5 ஏறும்போது கிட்டத்தட்ட மூன்று மடங்கு இழுக்கிறார்.

படி 3: உணர்பவர் ஒருவர், தாளம் போடுபவர் வேறு ஒருவர்

நீள்வளைய மையவிழையத்தின் அடிப்பக்க மேற்பரப்பை ஒட்டி றெற்றோதிரப்பீசொயிட் கரு இருக்கிறது. அதன் நியூரோன்கள் ஐதரசன் அயன் கூடும்போது வேகமாகச் சுடும். ஆனால் உட்சுவாசத் தாளத்தின் ஊற்று அது அல்ல, அதே மையவிழையத்தில் உள்ள பிரீ-பொட்சிங்கர் தொகுதி. (பொட்சிங்கர் என்பது ஒரு ஜேர்மன் வைனின் பெயர்! பெயர் மறக்காமல் இருக்க இது எனக்கு உதவியது.) 1991 இல், புதிதாகப் பிறந்த எலிக்குட்டியின் மூளைத்தண்டிலிருந்து இந்தப் பகுதி அடங்கிய மெல்லிய துண்டை வெட்டிப் பாத்திரத்தில் வைத்தார்கள். உடலே இல்லாமல் அந்தத் துண்டு தாளம் போட்டது.

அங்குள்ள நியூரோன்கள் ஒன்றையொன்று தூண்டி, ஒன்றாக வெடித்து, களைத்து அமைதியாகி, மீண்டும் எழும்பும். வெடிப்பு முண்ணாண் வழியே பிரிமென்றகடு வரை போனால் உட்சுவாசம். ஓய்வில் வெளிச்சுவாசத்துக்குத் தனித் தசை வேலை வேண்டாம், சுவாசப்பை தானாகச் சுருங்கும். உணரும் கரு இந்தத் தாளத்தை வேகமாக்கி ஆழமாக்குகிறது.

கீரிமலைக் கேணியில் சோதிக்கக்கூடாத சோதனை

பெடியள் கேணியில் மூழ்கமுன் பத்து இருபது தடவை பலமாக மூச்சிழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கூடுதல் ஒட்சிசன் சேர்வதாக நினைப்பார்கள். ஈமோகுளோபின் ஏற்கெனவே ஒட்சிசனால் ஏறத்தாழ நிரம்பித்தான் இருக்கிறது, சேரும் ஒட்சிசன் சொற்பம். ஆனால் காபனீரொட்சைட்டு நன்றாக இறங்கிவிடும். மூழ்கியபின் மூச்சு முட்டும் அளவுக்கு அது ஏற நேரமெடுக்கும். அதற்குள் ஒட்சிசன் தீர்ந்து, முட்டலே இல்லாமல் நினைவு போய்விடும். இதை ஒருபோதும் செய்து பார்க்காதீர்கள்.

பின்னர் சேர்த்தது

ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: "அப்படியென்றால் நீரிழிவில் கீற்றோன் அமிலம் கூடும்போது ஏன் மூச்சு ஆழமாகிறது?" நல்ல கேள்வி, நான் எழுதாமல் விட்ட இடம். அந்த அமிலத்தை உடனே உணர்வது கழுத்தில் உள்ள கரோட்டிட் உடல்கள், அவை தடுப்புக்கு வெளியே இருப்பவை. அவை மூச்சைக் கூட்டியதும் குருதிக் காபனீரொட்சைட்டு இறங்கும், அதனால் பாய்பொருளின் அமிலமும் குறையும். ஆக, மைய வாங்கிகள் ஆரம்பத்தில் உங்கள் பக்கமே இல்லை, பிரேக் பிடிக்கின்றன! பாய்பொருளின் இருகாபனேற்று மெல்ல இறங்கி அந்தப் பிரேக் தளர மணித்தியாலக் கணக்கில் ஆகும். அதனால்தான் முழு அளவு ஆழமூச்சு உடனே வராது.

உங்கள் தாளில் சிவப்புப் பக்கத்தில் கரோட்டிட் உடலையும் ஒரு வட்டமாகச் சேர்த்துவிடுங்கள். வாய்மொழிச் சோதனையில் இரண்டாவது கேள்வி பெரும்பாலும் அங்கேதான் வரும்.