பெரியவர்களுக்கு மெயில் எழுதும்போது “நிரப்பி அனுப்பவும்” என்று முடிக்காதீர்கள்

வாடிக்கையாளர் சேவைக்குப் புதிதாக வருபவர்கள் எழுதும் மெயில்களைப் பார்த்துத் திருத்துவது என் வேலை. எழுத்து பெரிதாக இருக்கட்டும், பத்தி சின்னதாக இருக்கட்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

“இணைத்துள்ள படிவத்தை நிரப்பி அனுப்பவும்”

இந்த வரியைப் பார்த்தாலே எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். எழுதுகிறவருக்கு இது ஒரு வேலை. படிக்கிறவருக்கு ஐந்து: பிடிஎஃப்பை இறக்க வேண்டும், திறக்க வேண்டும், நிரப்ப வேண்டும், சேமிக்க வேண்டும், பதிலில் மறுபடி இணைக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு முகவரி மாற்றப் படிவம் இப்படித்தான் போனது. பொறுமையாக நிரப்பினார், Reply தொட்டார், “அனுப்பிவிட்டேன்” என்று எழுதினார். படிவம் வரவில்லை. “இணைப்பு இல்லை, மீண்டும் அனுப்பவும்” என்று நம் ஆள் பதில் போட, அவரும் அதையே மீண்டும் செய்தார். நாம் அனுப்பிய மெயிலில் இருந்த படிவம், பதிலோடு திரும்பிவிடும் என்பது அவர் கணக்கு. Reply தொட்டால், வந்த இணைப்பு கூடவே போகாது. நிரப்பிய பிரதி அவர் போனிலேயே கிடந்தது. அதற்குள் கடிதங்கள் பழைய முகவரிக்குப் போய்விட்டன.

சரி, இதற்குப் படிவம் எதற்கு? நமக்கு வேண்டியது முகவரி மட்டும்தானே. நான் மாற்றி எழுதியது இது:

> ஐயா, வணக்கம். உங்கள் புது முகவரி எங்களுக்கு வேண்டும்.
>
> 1. இந்த மெயிலின் அடியில் Reply என்று இருக்கும். அதைத் தொடுங்கள். எழுதுவதற்கு வெற்று இடம் வரும்.
>
> 2. அங்கே புது முகவரியை எழுதுங்கள்.
>
> 3. திரையின் மேலே, வலப்பக்கம், அம்பு போல ஒரு குறி இருக்கும். அதைத் தொட்டால் மெயில் எங்களுக்கு வந்துவிடும்.
>
> வேறு எதையும் இணைக்க வேண்டாம். கிடைத்ததும் பதில் போடுகிறேன்.

“வெற்று இடம் வரும்” என்பது அலங்காரத்துக்கு இல்லை. அது வந்தால்தான் சரியாகத் தொட்டோம் என்று அவருக்குத் தெரியும். அம்புக்குறியைச் சொன்னதற்கும் காரணம் உண்டு. போனில் உள்ள ஜிமெயிலில் Send என்ற சொல்லே இருக்காது, குறி மட்டும்தான். நீங்கள் கணினியைப் பார்த்து “Send அழுத்தவும்” என்று எழுதினால், அவர் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டே இருப்பார். அதனால் போனா, கணினியா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்து கட்டாயம் என்றால் படிவத்தைத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

“விவரங்களுக்கு இங்கே சொடுக்கவும்”

தெரியாத சுட்டியைத் தொடாதீர்கள் என்று பிள்ளைகள் சொல்லிவைத்திருப்பார்கள், தொடமாட்டார். விவரத்தை மெயிலிலேயே எழுதுங்கள்.

செய்தியைப் படமாகப் போடுவது

மெயிலில் படங்கள் தடுக்கப்பட்டிருந்தால் வெறும் கட்டம்தான் தெரியும்.

ஒரே மெயிலில் இரண்டு வேலை

முதலாவது மட்டும் நடக்கும்.