‘மாசில் வீணையும்’ பாடினால் எத்தனை மார்க்? தேவாரப் போட்டிக்கு மதிப்பெண் அட்டை போடும் முறை

ஒரு பள்ளியில் தேவாரப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். ‘மாசில் வீணையும்’ பாடிய ஒரு பெண் குரல் நடுங்க, கண் கலங்கப் பாடினாள். என்ன ஒரு உணர்ச்சி, என்ன ஒரு பாவம் என்று நடுவர்கள் நாங்கள் மூவரும் முதல் பரிசைக் கொடுத்துவிட்டோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: அந்தப் பாட்டில் அழுகைக்கு இடமே இல்லை. மதிப்பெண் அட்டையில் ‘பாவம் – 20’ என்று மட்டும் எழுதியிருந்ததன் விளைவு அது.

இப்போது அட்டை போடுவது இப்படித்தான். அதே பாட்டை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பாடத்தை முடிவு செய்யுங்கள்

அப்பர் பாடிய ஐந்தாம் திருமுறைப் பாடல்:

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே.

இதை அச்சடித்து ஒரு மாதம் முன்பே பிள்ளைகளிடம் கொடுங்கள். கீழே பதம் பிரித்த வடிவமும் வேண்டும்: வீங்கு இளவேனில், வண்டு அறை பொய்கை. இல்லாவிட்டால் ‘வண்டறை’ என்பதை வண்டு தங்கும் ரூம் என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. இங்கே அறைதல் என்றால் ஒலித்தல்.

பாடத் தூய்மை – 20

ஒரு சொல் மாறினாலோ விடுபட்டாலோ 2 குறையுங்கள். ஒரு வரியே போனால் 5. நடுவர் எடுத்துக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் 2. பாடுபவரே தவறைப் பிடித்துத் திருத்திக்கொண்டால் கழிக்க வேண்டாம். ஓதும் மரபில் ஒரு வரியைத் திரும்பப் பாடுவது வழக்கம்தான், அதைத் தவறாக எண்ணாதீர்கள். இந்தப் பாட்டில் அதிகம் நழுவுவது கடைசிச் சொல். ‘நீழலே’ என்பதை ‘நிழலே’ என்று பாடிவிடுவார்கள். பொருள் மாறாது, ஆனால் ஓசை குறுகிவிடும்.

உச்சரிப்பு – 15

இங்கே எத்தனை முறை தவறியது என்று எண்ணாதீர்கள், எத்தனை ஒலி தவறியது என்று எண்ணுங்கள். ‘வீணை’, ‘இணையடி’ இரண்டிலும் ண என்பதை ன ஆக்கினாலும் அது ஒரே பழக்கம்; 2 மட்டும் குறைக்கலாம். ‘வீங்கில வேனில்’ என்றால் ள போய்விட்டது, அதற்குத் தனியாக 2. ஒரே தவறை இரண்டு தலைப்பிலும் கழிப்பதுதான் புதிய நடுவர்கள் செய்யும் பெரிய பிழை. சொல்லே வேறானால் பாடத்தில் கழியுங்கள், எழுத்தொலி பிசகினால் உச்சரிப்பில். அப்புறம், முன்பல் விழுந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் ‘த’ சரியில்லை என்று மார்க் குறைக்காதீர்கள்!

பாவம் – 15

சண்டை வருவது இங்கேதான். அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தபோது அவர் இதைப் பாடினார் என்பது மரபு. சுற்றிலும் நெருப்பு, பாட்டில் வீணை, நிலா, தென்றல், இளவேனில், பொய்கை. ஐந்தும் குளிர்ச்சி. ஆகவே இதற்கான பாவம் அமைதி. வேறு பாட்டுக்கு வேறு பாவம் வரும். நடுவர்கள் முன்கூட்டியே கூடி, அந்தந்தப் பாட்டுக்கு ஒரு வரியில் எழுதிவையுங்கள்.

பிறகு காதால் கேட்கக்கூடிய மூன்று விஷயங்களுக்கு ஐந்து ஐந்தாகப் பிரியுங்கள். மூச்சு சரியான இடத்தில் எடுக்கப்படுகிறதா? ‘மூசு வண்டு’ என்று நிறுத்தி ‘அறை பொய்கை’ என்று எடுத்தால் பொருள் தெரியவில்லை என்று அர்த்தம். வேகம் பாட்டின் அமைதிக்குப் பொருந்துகிறதா? ஐந்து உவமைகளையும் அடுக்கிக்கொண்டு போன குரல், எதற்கு உவமை என்று சொல்லும் ‘இணையடி நீழலே’யில் வந்து தங்குகிறதா? கையசைவு, கண்ணீர், உடை எதற்கும் மார்க் இல்லை.

இசைக்கும் தனி மார்க் வைக்கவில்லை. வைத்தால் பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைதான் ஜெயிக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு மாணவன் ‘இனையடி நிழலே’ என்றும் ‘வீங்கில’ என்றும் பாடினான், மூன்றாம் வரியை ஒரு முறை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பாடத்தில் ‘நிழலே’க்கு 2, எடுத்துக் கொடுத்ததற்கு 2 போக 16. உச்சரிப்பில் ண, ள இரண்டுக்கும் 4 போக 11. பாவத்தில் மூச்சுக்கு 4, வேகத்துக்கு 5, கடைசி வரியில் அவசரப்பட்டதால் 3, ஆக 12. மொத்தம் 50-க்கு 39.

போட்டியன்று காலையில் ஏதாவது ஒரு பதிவை ஓடவிட்டு, மூன்று நடுவர்களும் தனித்தனியாக மார்க் போட்டுப் பாருங்கள். ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், எந்தத் தலைப்பில் பிரிகிறீர்கள் என்று பேசித் தீர்த்துவிட்டு முதல் பிள்ளையைக் கூப்பிடுங்கள். இருவர் சமமாக வந்தால் பாடத் தூய்மையில் கூடுதல் வாங்கியவருக்குப் பரிசு; இதையும் அட்டையின் அடியிலேயே அச்சடித்துவிடுங்கள், பெற்றோர் கேட்பார்கள்.