அரிவாள்மனைக்குப் பழகிய கைக்குக் கத்தி: முதல் நாள் பாடம்

மண்டபத்தில் நான் நடத்தும் சமையல் வகுப்புக்கு வருபவர்களில் பலர் ஆண்டுக்கணக்காக அரிவாள்மனையில் மீன் அரிந்தவர்கள். அதனால் கத்தியைக் கற்பிப்பதைவிட, கையில் ஊறிய பழக்கத்தை மாற்றுவதுதான் கடினம். அரிவாள்மனையில் அலகு நிற்கும், காயைக் கை தள்ளும். கத்தியில் காய் நிற்க வேண்டும், அலகு நகர வேண்டும். நானும் பழைய நினைவில் காயைத் தள்ளித்தான் கட்டைவிரலை நகத்தோடு அரிந்துகொண்டேன்.

முதலில் ஈரத்துணியைப் பிழிந்து பலகைக்கு அடியில் விரியுங்கள். இரு கையால் தள்ளினாலும் பலகை நகரக் கூடாது. கத்தி எட்டு அங்குலம் போதும், ஆனால் கூர்மையாக இருக்க வேண்டும். தக்காளித் தோலில் வழுக்குகிற கத்தி விரலிலும் வழுக்கும். பிடியும் அலகும் சேரும் இடத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இருபுறமும் கவ்விக்கொண்டு, மற்ற மூன்று விரல்களால் பிடியைப் பற்றுங்கள்.

இனி இடது கை. பெரிய வெங்காயத்தை வேரிலிருந்து நுனிவரை இரண்டாகப் பிளந்து, தோலுரித்து, தட்டையான பக்கம் பலகையில் படும்படி வையுங்கள். விரல்நுனிகளை உள்ளே மடக்கினால் நடுவிரலின் கணு முன்னால் வரும். அந்தக் கணுவை ஒட்டியே அலகு ஏறி இறங்க வேண்டும். கணுவுக்கு மேலே அலகு எழக் கூடாது. கட்டைவிரல் மற்ற விரல்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். வேரை வெட்டாமல் முதலில் நீளவாக்கில் கீறி, பிறகு குறுக்கே அரிந்தால், இதழ்கள் சிதறாமல் சிறு துண்டுகளாக விழும்.

இதை நான் ஒருமுறை மெதுவாகச் செய்து காட்டியபின், ஒவ்வொருவருக்கும் இரண்டு வெங்காயம் தருவேன். அவர்கள் அரியும்போது என் கண் கத்தியில் இருக்காது, கட்டைவிரலில்தான் இருக்கும். முதல் பாதியில் எல்லோரும் சரியாக மடக்குகிறார்கள். கடைசித் துண்டு சிறிதாகும்போதுதான் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்க்கிறது. அந்த இடத்தில் நிறுத்தி, துண்டைப் படுக்கவைத்து அரியச் சொல்கிறேன். கத்தி கைநழுவினால் பிடிக்க முயலாமல் பின்னால் விலகிவிட வேண்டும்.

ஒரே பலகைதான் இருக்கிறது என்றால், தயிர்ப் பச்சடிக்கான வெங்காயத்தை முதலில் அரிந்து மூடிவைத்துவிட்டு, பிறகே சீலா மீனைத் தொடுங்கள். மீனின் நீர் பட்ட வெங்காயம் அடுப்பேறாமலே இலைக்கு வந்துவிடும். மீன் வெட்டிய பலகையில் எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் மீனின் புரதம் இறுகி ஒட்டிக்கொள்ளும்; ஆகையால் பச்சைத்தண்ணீரில் அலசி, சோப்பிட்டுத் தேய்த்து, அதன்பிறகே வெந்நீர் ஊற்றுங்கள். கைகளையும் சோப்பிட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள்.

பின்சேர்க்கை: பலகை எவ்வளவு கழுவியும் நாறுகிறது என்று ஓர் அக்கா சொன்னார். அவர் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர். அதில் கட்டிச் சோப்பு நுரைக்காமல் திரிந்து, பலகையில் படிந்திருந்தது. பாத்திரம் துலக்கும் திரவத்துக்கு மாறச் சொன்னேன். கழுவிய பலகையை விரலால் இழுத்துப் பாருங்கள்: வழவழப்பு இருந்தால் மறுபடி கழுவி, வெயிலில் நிமிர்த்தி வையுங்கள்.