பாண்ட் வாங்கும்போது திரையில் ஒரு விலை, கணக்கில் வேறு தொகை: கிளீன் பிரைஸ், டர்ட்டி பிரைஸ் கணக்கிடுவது எப்படி

ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் தளத்தில் அரசுப் பத்திரம் வாங்குபவர்கள் அடிக்கடி கேட்பது: "105.40 என்று போட்டிருந்தது, 107.49 கணக்கில் ஏன் எடுத்தார்கள்?" அந்த இரண்டு ரூபாய் கமிஷன் அல்ல. விற்றவர் பத்திரத்தை வைத்திருந்த நாட்களுக்கான வட்டி அது. அடுத்த கூப்பன், அதாவது வட்டித் தவணை, முழுவதும் உங்களுக்கே வரப்போவதால், அவர் பங்கை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறீர்கள். திரையில் இருப்பது கிளீன் பிரைஸ், நீங்கள் கட்டுவது டர்ட்டி பிரைஸ், இடையில் உள்ளது சேர்ந்த வட்டி.

`7.18% GS 2033` பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். முதிர்வு 14 ஆகஸ்ட் 2033. வட்டி ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி 14, ஆகஸ்ட் 14. ரூ.1,00,000 முகமதிப்புக்கு, 2025 மே 28 புதன்கிழமை, ரூ.100 முகமதிப்புக்கு 105.40 விலையில் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள் (விலை உதாரணத்துக்குத்தான்).

படி 1: தேதி. ஆர்டர் போட்ட நாளை எடுக்காதீர்கள். அரசுப் பத்திரம் மறுநாள்தான் செட்டில் ஆகும், எனவே மே 29. இடையில் விடுமுறை வந்தால் தேதியும் தள்ளிப்போகும், அந்த நாட்களின் வட்டியும் விற்றவருக்கே போகும்.

படி 2: நாட்கள். பெரும்பாலான கணக்குகள் இங்கேதான் பிசகும். நாட்காட்டியில் பிப்ரவரி 14 முதல் மே 29 வரை 104 நாட்கள். ஆனால் இந்திய அரசுப் பத்திரங்களுக்கு எல்லா மாதமும் 30 நாள், ஆண்டு 360 நாள். மே 14 வரை மூன்று மாதம், அதாவது 90. மேலும் 15. ஆக 105.

இதனால் சில விசித்திரங்கள் வரும். பிப்ரவரி 28-லிருந்து மார்ச் 1-க்கு ஒரே இரவில் மூன்று நாள் வட்டி ஏறும். ஜூலை 30-லிருந்து 31-க்கு ஒன்றும் ஏறாது. எக்செல்லில் `DAYS360`-ஐ அப்படியே போட்டால் அமெரிக்க முறையில் எண்ணி, ஜூலை 31-க்கு 166 என்பதற்குப் பதில் 167 காட்டும். கடைசியில் `TRUE` சேர்த்தால் சரியாகும். அதைவிட எனக்குப் பிடித்தது இது:

```
=COUPDAYBS(DATE(2025,5,29),DATE(2033,8,14),2,4)
```

விடை 105. முந்தைய கூப்பன் தேதியை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். கடைசி 4 ஐரோப்பிய 30/360 முறை, அதை விட்டுவிடாதீர்கள். `ACCRINT` பக்கம் போகவே வேண்டாம்: அது வெளியீட்டுத் தேதியிலிருந்து எண்ணத் தொடங்கி, பெரிய தொகையைக் காட்டிக் குழப்பும்.

படி 3: வட்டி.

```
100000 × 7.18% × 105 / 360 = 2094.17
```

படி 4: கூட்டல். 1,05,400 + 2,094.17 = ரூ.1,07,494.17. பிடிக்கப்பட்ட தொகையோடு பைசா அளவு வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம். ரூ.48 குறைவாக உங்கள் விடை வந்தால், 104/365 போட்டிருக்கிறீர்கள். சரியாக ரூ.19.94 இடித்தால் ஒரு நாள் தவறு. அனேகமாக ஆர்டர் தேதியைப் போட்டிருப்பீர்கள்.

ஆகஸ்ட் 14 அன்று அரையாண்டுக் கூப்பன் ரூ.3,590 வரும். அதில் 2,094.17 நீங்கள் முன்பு கொடுத்தது. மிச்சம் 1,495.83 தான் உங்கள் சம்பாத்தியம். 75 நாள் வட்டி போட்டுப் பாருங்கள், அதே தொகை வரும். "இரண்டரை மாதத்தில் 3,590 கிடைக்கிறதே" என்று கூப்பன் தேதிக்கு முன் அவசரமாக வாங்குவதில் ஒரு லாபமும் இல்லை.

ஈல்டு, அதாவது முதிர்வு வரை வைத்திருந்தால் கிடைக்கும் ஆண்டு வருமான விகிதம், பார்க்கும்போதும் கவனம். எக்செல்லின் `YIELD` கேட்பது கிளீன் பிரைஸ். அங்கே 107.49 என்று கொடுத்தால், சேர்ந்த வட்டியை அது இரண்டாம் முறையும் கூட்டிக்கொள்ளும். இந்தப் பத்திரத்தில் ஈல்டு சுமார் 0.3 சதவீதப் புள்ளி குறைந்து தெரியும்.

பிறகு சேர்த்தது: பங்குச்சந்தையில் டீமேட் வழியாக நிறுவனங்களின் கடன்பத்திரமான என்சிடி வாங்குபவர்கள் இதே கணக்கைப் போட்டு, எதுவும் ஒத்துவரவில்லை என்கிறார்கள். என்எஸ்இ, பிஎஸ்இ பங்குப் பிரிவில் என்சிடிக்குத் தெரியும் விலையே டர்ட்டி பிரைஸ். அதன்மேல் வட்டி கூட்டக் கூடாது. கிளீன் பிரைஸ் வேண்டுமென்றால் கழிக்க வேண்டும். அங்கே நாட்கணக்கும் 30/360 அல்ல, நாட்காட்டி நாட்கள்தான். வட்டி யாருக்கு என்று முடிவாகும் ரெக்கார்டு தேதியை ஒட்டி விலை திடீரென்று வட்டித் தொகை அளவுக்கு இறங்கினால் பயப்படாதீர்கள்: வரவிருக்கும் வட்டி ஏற்கெனவே வைத்திருப்பவருக்குப் போவதால், விலையிலிருந்து அது கழன்றுவிட்டது.