பந்து மலைப்பாம்பின் படத்தை விவரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளர்ப்புப் பாம்பின் படத்தைப் பார்த்து எழுதுபவர்கள் பெரும்பாலும் நிறத்திலிருந்தே தொடங்குகிறார்கள். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது கண்ணைத்தான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பந்து மலைப்பாம்பையே எடுத்துக்கொள்வோம். இதன் இயல்பான நிறம் கரும்பழுப்பும் அதன்மேல் வெளிர்பழுப்புத் திட்டுகளுமாகும். சட்டை உரிப்பதற்கு முன் பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே திரவம் சேர்வதால் உடல் முழுவதும் சாம்பல் பூத்ததுபோல் மங்கிவிடும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் ஒளிபுகும் செதிலும் சட்டையோடு சேர்ந்தே உரிய வேண்டியது என்பதால், கண்ணும் பால் கலந்த நீலமாகத் தெரியும். இதை அறியாமல் 'வெளிறிய நிற வகை' என்றோ 'பார்வை இழந்த பாம்பு' என்றோ எழுதுவதுதான் மிகச் சாதாரணமாக நேரும் பிழை.

அடுத்த பிழை இதற்கு நேர் எதிரானது. கண்ணின் நீலம் தெளிந்து சில நாட்கள் கழித்தே சட்டை உரியும். ஆகவே தெளிந்த கண்ணைக் கண்டதும் 'உரித்து முடித்துவிட்டது' என எழுதுவது தவறு. படம் எடுத்த தேதியும், கண் கடைசியாக மங்கியிருந்த நாளும் தெரியாமல் இந்த இடைநிலையைப் படத்திலிருந்து மட்டும் உறுதிசெய்ய இயலாது. சட்டை உரிப்பதற்கு முந்தைய இந்த நாட்களில் வயிற்றுச் செதில்கள் சீராக இளஞ்சிவப்பாவதும் இயல்பே. ஆனால் சிவப்போ பழுப்போ சில செதில்களில் மட்டும் திட்டாகப் படிந்து, கொப்புளமோ விளிம்பு தூக்கலோ காணப்பட்டால் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும், ஏனெனில் அது செதில் அழுகலாக இருக்கலாம். மஞ்சள் விளக்கின் கீழ் வெண்ணிற வயிறும் மஞ்சளாகவே தெரியும் என்பதால், பாம்பின் அருகே வெள்ளைக் காகிதத் துண்டொன்றை வைத்துப் படமெடுப்பது நல்லது.

உடலமைப்பை மேலிருந்து எடுத்த படத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. நல்ல உடல்நிலையில் உள்ள பந்து மலைப்பாம்பின் குறுக்குவெட்டு, முனை மழுங்கிய முக்கோணம் போன்றது. முதுகெலும்பு கூராகத் துருத்தி, இருபுறமும் குழிந்திருந்தால் அது மெலிவு. மேற்பார்வையில் இந்தக் குழிவு மறைந்துவிடும். உடல் நடுவில் மட்டும் புடைத்திருந்தால் 'பருமன்' என எழுதும் முன், அண்மையில் இரை உண்டதா என்று கேட்டுக்கொள்வது நலம். கேமராவுக்கு அருகில் உள்ள தலை பெரிதாகத் தெரிவதால், அளவுகோல் இல்லாத படத்துக்கு நீளம் எழுதாமல் விடலாம்.

'நோயுற்ற, கண் தெரியாத, வெளிர்ந்த பாம்பு' என்று எழுதப்பட்ட ஒரு படத்தை இப்படித் திருத்தலாம்: 'மஞ்சள் விளக்கொளியில், மேலிருந்து எடுத்த படம். இரு கண்களும் ஒரேபோல் நீலம் பூத்துள்ளன. முதுகு சாம்பல் படர்ந்து மங்கியுள்ளது. திட்டுகள் மங்கலாகத் தெரிகின்றன. சட்டை உரிப்புக்கு முந்தைய நிலையாகத் தோன்றுகிறது. வயிறும் பக்கவாட்டும் படத்தில் இல்லாததால் உடல் எடை பற்றிக் கூற இயலாது.'