ரெண்டு பேப்பரும் ஒத்துப்போகுதே, அப்புறம் என்ன தப்பு?

போன மாதம் முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். கொள்ளுத்தாத்தாவின் சாவுப் பதிவைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. செல்போனில் இரண்டு படம் காட்டினார். ஒன்று எத்தா சிவில் பதிவேட்டின் பக்கம், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவு. மற்றது மாதா கோயில் அடக்கப் புத்தகத்தின் பக்கம். "அண்ணே, ரெண்டுலயும் ஒரே தேதி. டபுள் செக் ஆயிடுச்சு" என்றார்.

இரண்டுமே அந்த மனுஷர் செத்த தேதி இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் இதே இடத்தில் இதே மாதிரி சந்தோஷப்பட்டவன்தான். புதுச்சேரியிலும் கடலூரிலும் குடும்பத்துப் பழைய பதிவுகளைத் தேட ஆரம்பிக்கிறவர்கள் மாறாமல் செய்யும் தவறுகளில் சிலதை இங்கே எழுதுகிறேன். பெயரை மாற்றிப் படிப்பது, பக்கத்து வரியைப் படிப்பது போன்றவை தானே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் கண்ணில் படும் தேதியைச் சாவுத் தேதி என்று எடுத்துக்கொள்வது

இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

எத்தா சிவிலில் ஒரு பதிவுக்கு அக்த் என்று பெயர். சாவு அக்த் எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன தேதி, இத்தனை மணிக்கு, அதிகாரியாகிய எங்கள் முன்னிலையில் இன்னார் இன்னார் வந்து நின்று சொன்னார்கள். கொட்டை எழுத்தில் முதல் வரியில் நிற்கும் அந்தத் தேதி, சாட்சிகள் வந்து நின்ற தேதி. பேனா ஓடிய தேதி. சாவு அதற்கு ஐந்தாறு வரி தள்ளி, சாட்சிகளின் பெயர், வயது, தொழில், குடியிருப்பு எல்லாம் முடிந்த பிறகுதான் வரும். அங்கே 'தெசேதே' என்ற சொல்லைத் தேடுங்கள், இறந்தார் என்று அர்த்தம். அதற்குப் பக்கத்தில் பெரும்பாலும் தேதியே இருக்காது. 'இயேர்' என்று ஒரு சின்னச் சொல் இருக்கும். நேற்று! அந்த நாலெழுத்துச் சொல்லைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் கண் எண்ணையும் மாதத்தையும் தேடிக்கொண்டிருக்கிறது. 'ஸ மத்தேன்' என்றால் இன்று காலை, 'அவான்தியேர்' என்றால் முந்தாநாள்.

சரி, கோயில் புத்தகமும் அதே தேதியைச் சொல்கிறதே என்று அந்தத் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. பதில் சட்டத்தில் இருக்கிறது. 1804-ஆம் வருஷத்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 77-ஆம் பிரிவு, எத்தா சிவில் அதிகாரியின் அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரையும் புதைக்கக் கூடாது என்றது. அந்தச் சீட்டையும் இறந்து 24 மணி நேரம் ஆன பிறகே கொடுக்க வேண்டும் என்றது. போலீஸ் விதிகளில் சொன்ன சந்தர்ப்பங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே வீட்டில் சாவு விழுந்தால் முதலில் ஓட வேண்டிய இடம் அதிகாரியிடம். அக்த் எழுதி, சீட்டு வாங்கி, அதற்கப்புறம்தான் குழி. இரண்டும் ஒரே நாளில் விழுவது சகஜம். சாவு மட்டும் முந்தின நாளிலேயே நின்றுவிடும்.

அதாவது, அக்தின் தேதியும் அடக்கத்தின் தேதியும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லவில்லை. ஒன்று நடந்ததால்தான் இன்னொன்று நடந்தது. கோயில் புத்தகத்தில் சாமியார் எழுதியதும் 'இனுய்மே', அதாவது அடக்கம் செய்யப்பட்டார் என்பதற்கான தேதி. கவனமான சாமியாராக இருந்தால் கீழே 'நேற்று இறந்தவர்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருப்பார். அவசரக்காரராக இருந்தால் அதுவும் இருக்காது.

நான் பட்ட பாடு

ஒரு குடும்பத்துக்காக 1898-ஆம் வருஷத்து அக்த் ஒன்றைப் படித்துக் கொடுத்தேன். பிரெஞ்சு தேசிய உரிமைக்கான கோப்பு அது. அப்பா, தாத்தா என்று படிப்படியாக மேலே ஏறி ஒவ்வொருவருக்கும் பதிவு வைக்க வேண்டும். அக்தின் முதல் வரி: 1898 மார்ச் 5, காலை எட்டு மணி. கோயில் புத்தகம்: மார்ச் 5, அடக்கம். இரண்டும் ஒத்துப்போயின. குடும்ப மரத்திலும் மொழிபெயர்ப்பின் தலைப்பிலும் 'இறப்பு: 5.3.1898' என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

கோப்பு பல மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அந்த மனுஷரின் மகளுடைய கல்யாண அக்தில், 'காலஞ்சென்ற இன்னாரின் மகள்' என்று எழுதி, அவர் இறந்த தேதியையும் குறித்திருந்தார்கள். அங்கே இருந்தது மார்ச் 4. அலுவலகத்தின் கேள்வி ஒரே வரிதான்: இவர்கள் இருவரும் ஒரே ஆள்தானா? அந்தக் காலத்தில் ஒரே பெயரில் நாலு பேர் ஒரே தெருவில் இருப்பார்கள் என்பதால் கேள்வியில் தப்பில்லை. புது மொழிபெயர்ப்புக்குப் பணம், விளக்கக் கடிதம், மறுபடி வரிசை. அந்த வீட்டு அம்மா என்னை ஒன்றும் திட்டவில்லை. "பரவால்ல தம்பி, நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று இரவு அக்தை வரிவரியாக மறுபடி படித்தேன். சாட்சிகள் இருவர், ஒருவர் மருமகன், ஒருவர் அண்டைவீட்டுக்காரர். அதன் பிறகு, 'நேற்று அதிகாலை ஒரு மணிக்குத் தன் வீட்டில் இறந்தார்'. மார்ச் 5-க்கு நேற்று மார்ச் 4. கல்யாண அக்த் சொன்னது சரி. மார்ச் 4 அதிகாலை ஒரு மணியிலிருந்து 24 மணி நேரம் எண்ணினால் மார்ச் 5 அதிகாலை ஒரு மணி. எட்டு மணிக்கு அக்த், சீட்டு. அப்புறம் கோயிலில் அடக்கம். கணக்கு துல்லியமாக உட்கார்ந்தது. முதல் தடவையே எண்ணிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

இதோடு முடியவில்லை. கல்லறைக் கல்லைப் பார்க்கப் போனால் அதில் மார்ச் 3 என்று வெட்டியிருக்கிறது! பேரப்பிள்ளைகள் பின்னால் வைத்த கல். வீட்டில் கேட்டேன். "வியாழக்கிழமை ராத்திரி போனாருன்னு ஆயா சொல்லுவாங்க" என்றார்கள். 1898 மார்ச் 3 வியாழக்கிழமைதான். ஆயா பொய் சொல்லவில்லை. நம் ஊரில் நாள் என்பது சூரியன் எழுந்தால் தொடங்கி மறுபடி எழும்வரை. ராத்திரி ஒரு மணி நமக்கு இன்னும் வியாழக்கிழமைதான். பிரெஞ்சு அதிகாரியின் கடிகாரத்தில் நடுநிசி தாண்டி வெள்ளி ஆகிவிட்டது. யாரோ ஒருவர் ஆயாவின் வியாழக்கிழமையை எடுத்துக்கொண்டு, பழைய காலண்டரில் தேடி, 3 என்று கல்லில் ஏற்றிவிட்டார்.

ஆக ஒரே சாவுக்கு 3, 4, 5 என்று மூன்று தேதி. யாரும் பொய் சொல்லவில்லை. இப்படி வீட்டில் சொல்லும் தேதி அக்தைவிட ஒரு நாள் முந்தி இருந்தால் நான் முதலில் கேட்பது, எத்தனை மணிக்குப் போனார் என்பதுதான். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் என்றால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். பகல் மூன்று மணி என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

அட்டவணையிலிருந்து தேதியை எடுப்பது

பத்து வருஷத்துக்கு ஒருமுறை பெயர் வரிசையில் போட்ட அட்டவணைகள் உண்டு. தேட வசதி. ஆனால் பெயருக்கு எதிரே இருப்பது பெரும்பாலும் அக்த் எழுதிய தேதி. நகல் கேட்டு விண்ணப்பிக்க அந்தத் தேதியும் அக்த் எண்ணும் வேண்டும், ஆகவே அதைத் தூக்கிப் போடாதீர்கள். நோட்டில் இரண்டு கட்டம் போட்டு, 'அக்த் தேதி', 'இறந்த தேதி' என்று தனித்தனியாக எழுதுங்கள். அக்தையே பார்க்காதவரை இரண்டாம் கட்டம் காலியாக இருக்கட்டும்.

மாதக் கடைசியில் 'நேற்று'

1900 மார்ச் 1 அன்று எழுதிய அக்தில் 'நேற்று' என்றால் பிப்ரவரி 28. 1900 லீப் வருஷம் இல்லை. ஒரு தடவை 29 என்று எழுதி மாட்டிக்கொண்டவர் எனக்குத் தெரியும்.

எட்டு என்றால் ஆகஸ்ட் இல்லை

கோயில் புத்தகங்களில் 8 என்று போட்டுப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'ப்ர்' என்று இருந்தால் அது ஒக்தோப்ர், அக்டோபர். 7 செப்டம்பர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர். லத்தீனில் அந்த மாதப் பெயர்களுக்குள்ளேயே ஏழு, எட்டு, ஒன்பது, பத்து ஒளிந்திருக்கிறது. ஆகஸ்டில் அடக்கம், அக்டோபரில் சாவு என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். புதைத்து இரண்டு மாதம் கழித்துச் செத்தவர்!

கடலூரிலும் அதே கண்ணாடியைப் போட்டுப் படிப்பது

பெண்ணையாற்றைத் தாண்டினால் ஆட்சி வேறு, பேப்பரும் வேறு. இங்கிலீஷ்காரர் கோயில்களின் பழைய அடக்கப் புத்தகங்களில் அடக்கத் தேதி மட்டும் இருப்பது வழக்கம். பின்னால் வந்த அச்சடித்த படிவங்களில் இறந்த தேதிக்கு ஒரு கட்டம், அடக்கத்துக்கு ஒரு கட்டம் உண்டு. ஒரே தேதி மட்டும் இருந்தால் 'அடக்கம்' என்று எழுதி, சாவு அதற்கு முந்தியோ அன்றோ என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக் கழித்து நீங்களே ஒரு சாவுத் தேதி உண்டாக்காதீர்கள்.

மயான ரசீது

இந்தக் காலத்துச் சாவுக்கும் இதே குழப்பம் உண்டு. வெளிநாட்டுப் பிள்ளைக்காக ஃப்ரீசர் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருப்பார்கள், அல்லது பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வரும். மயான ரசீதில் எரித்த நாள் இருக்கும். சான்றிதழுக்கு இறந்த தேதியைக் கொடுக்க வேண்டிய இடத்தில் அதைப் பார்த்து எழுதாதீர்கள். சான்றிதழ் வந்ததும் அதில் 'இறந்த தேதி', 'பதிவு தேதி' என்று இரண்டு இருக்கும், எதை எங்கே எழுதுகிறோம் என்று பாருங்கள்.

திதி

திதி சந்திரக் கணக்கு. வருஷா வருஷம் இங்கிலீஷ் தேதி மாறும். திவசம் கொடுக்கும் நாளை வைத்து சாவுத் தேதி கண்டுபிடிக்கப் போகாதீர்கள்.

முத்தியால்பேட்டைத் தம்பி அன்று என் எதிரிலேயே படத்தைப் பெரிதாக்கி ஆறாவது வரியைத் தேடினார். 'அவான்தியேர்' என்று இருந்தது. முந்தாநாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப கல்லறையில எழுதியிருக்கறதுதாண்ணே சரி. எங்கப்பா தப்புன்னு சொல்லி அழிக்கச் சொல்லிட்டாரு, பெயிண்டருக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு" என்றார்.

பெயிண்டருக்கு உடனே போன் போட்டோம்.